மகளுக்கு 2,000 யூரோ: வங்கி சொல்லும் ரேட்டையும் ஆப் காட்டும் ரேட்டையும் ஒப்பிடும் முறை

சென்னையிலிருந்து வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்கு முதல்முறையாகப் பணம் அனுப்பப் போகிறவர்கள் வங்கியில் கேட்கும் முதல் கேள்வி, "சார்ஜ் எவ்வளவு சார்?" என்பதுதான். "ஆயிரம் ரூபாய், பிளஸ் ஜிஎஸ்டி" என்று பதில் வரும். ஆப்பில் பார்த்தால் அதைவிட இருநூறு ரூபாய் கூடுதலாக இருக்கும். சரி, வங்கிதான் மலிவு என்று முடிவு செய்து பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். உண்மையில் அவர்கள் கையை விட்டுப் போன பணத்தில் பெரிய பங்கு அந்த சார்ஜில் இல்லை. அவர்களுக்கு விற்கப்பட்ட யூரோவின் விலைக்குள் இருக்கிறது. ரசீதில் அதற்குத் தனி வரி கிடையாது என்பதால் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கணக்கை எடுத்து முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். மடிப்பாக்கத்தில் ஒரு குடும்பம். மகள் ஜெர்மனியில் முதுகலை படிக்கிறாள். விடுதியிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறுகிறாள், அதற்கு முன்பணமாக 2,000 யூரோ வெள்ளிக்கிழமைக்குள் அவள் கணக்கில் இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை அப்பா விலை விசாரிக்கத் தொடங்குகிறார். இதில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. ஒன்று, 1,985 யூரோ போய்ச் சேர்ந்தால் போதாது, முழு 2,000 சேர வேண்டும். இரண்டு, வெள்ளிக்குள் சேர வேண்டும். கீழே வரும் ரேட்டும் கட்டணமும் கணக்குப் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் நாளில் கிடைக்கும் எண்களை அதே இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நடுவிலை

எந்த வங்கியையும் ஆப்பையும் கேட்பதற்கு முன்னால், அந்த நிமிடத்தில் யூரோவின் சந்தை விலை என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். வங்கிகள் தங்களுக்குள் யூரோவை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருப்பதைத்தான் மிட் மார்க்கெட் ரேட் என்கிறார்கள். நடுவிலை என்றே வைத்துக்கொள்வோம். கூகுளில் `1 EUR to INR` என்று தட்டினாலும், XE போன்ற தளத்தில் பார்த்தாலும் கிடைப்பது இதற்கு மிக அருகில் உள்ள எண்தான். வேலை நாட்களில் மதியம் ஒன்றரை மணி வாக்கில் FBIL என்ற அமைப்பு யூரோ, டாலர், பவுண்டு, யென் ஆகியவற்றுக்கு அன்றைய குறிப்பு விலையை வெளியிடுகிறது. கூகுள் எண்ணில் சந்தேகம் வந்தால் அதோடு ஒத்துப் பார்க்கலாம்.

நடுவிலையில் உங்களுக்கு யாரும் யூரோ தர வேண்டிய கட்டாயம் இல்லை. அது ஒரு அளவுகோல் மட்டுமே. உங்களுக்குச் சொல்லப்படும் விலை அதிலிருந்து எத்தனை பைசா தள்ளி இருக்கிறது என்பதுதான் மார்ஜின்.

கவனிக்க வேண்டியது நேரம். யூரோ விலை நாள் முழுக்க ஆடிக்கொண்டே இருக்கும். காலை பத்து மணிக்கு வங்கியில் கேட்ட ரேட்டையும் மாலை ஐந்து மணிக்கு ஆப்பில் பார்த்த ரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சந்தை நகர்ந்ததையும் மார்ஜினையும் பிரிக்கவே முடியாது. அதனால் ஒவ்வொரு ரேட்டையும் எழுதும்போது, பக்கத்தில் அதே நிமிடத்து நடுவிலையையும் எழுதுங்கள். சனி, ஞாயிறில் இந்த ஒப்பீட்டைச் செய்யவே வேண்டாம். சந்தை மூடியிருக்கும், கூகுளில் தெரிவது வெள்ளி இரவு நின்ற எண். திங்கள் காலை விலை எங்கே திறக்கும் என்று தெரியாததால், சிலர் வார இறுதியில் காட்டும் ரேட்டில் தங்களுக்குப் பாதுகாப்பாகக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்வார்கள்.

நம் கணக்கில் திங்கள் காலை 11 மணிக்கு நடுவிலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

வங்கியில் என்ன கேட்க வேண்டும்

எல்லாக் கிளையிலும் வெளிநாட்டுப் பணப் பிரிவு இருக்காது. தெருமுனைக் கிளையில் படிவத்தை வாங்கி, அண்ணா சாலையிலோ பாரிமுனையிலோ இருக்கும் பெரிய கிளைக்கு அனுப்பி, அங்கிருந்துதான் பணம் போகும் என்ற ஏற்பாடு பல வங்கிகளில் உண்டு. அதனால் முதலில் "இந்தக் கிளையிலேயே அனுப்புவீர்களா, வேறு கிளைக்குப் போகுமா?" என்று கேட்டுவிடுங்கள். வேறு கிளைக்குப் போகும் என்றால் ஒரு நாள் கூடும்.

அடுத்தது ரேட். வங்கி தினமும் காலையில் ஒரு ரேட் பட்டியல் போடும். இதைக் கார்டு ரேட் என்பார்கள். கவுன்டரில் இருப்பவர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினால், அதில் யூரோவுக்கு நேராக ஆறேழு எண்கள் வரிசையாக இருக்கும். `TT Buying`, `TT Selling`, `Bill Selling`, `CN Selling` என்று தலைப்புகள். புதியவர்கள் தடுமாறும் இடம் இது. நாம் வெளிநாட்டுக்குக் கணக்குவழியாகப் பணம் அனுப்புகிறோம் என்றால், வங்கி நமக்கு யூரோவை விற்கிறது. ஆகவே பார்க்க வேண்டியது `TT Selling`. `TT Buying` என்பது வெளிநாட்டிலிருந்து நமக்குப் பணம் வந்தால் வங்கி தரும் விலை. அது குறைவாக இருப்பதைப் பார்த்து சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. `CN` என்று தொடங்குவது கையில் நோட்டாக வாங்கும் விலை, அது எப்போதும் அதிகமாகத்தான் இருக்கும்.

`TT Selling` 102.20 என்று இருக்கிறது. நடுவிலை 100. அப்படியென்றால் ஒரு யூரோவுக்கு 2 ரூபாய் 20 பைசா மார்ஜின். 2,000 யூரோவுக்கு 4,400 ரூபாய். வங்கி சொன்ன ஆயிரம் ரூபாய் சார்ஜைப் போல நாலு மடங்குக்கும் மேல்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், இது கார்டு ரேட்டா? கருவூலப் பிரிவில் கேட்டு எத்தனை பைசா குறைப்பீர்கள்?" வங்கியின் அந்நியச் செலாவணியைக் கையாளும் தலைமைப் பிரிவைத்தான் டிரெஷரி, கருவூலப் பிரிவு என்கிறார்கள். தொகை பெரிதாக இருந்தாலோ, நீங்கள் நெடுநாள் வாடிக்கையாளராக இருந்தாலோ, கிளை அங்கே கேட்டுக் கார்டு ரேட்டைவிடக் குறைத்து வாங்கித் தரலாம். கேட்காதவருக்குக் கார்டு ரேட்தான். கூச்சப்பட ஒன்றும் இல்லை, வணிகர்கள் தினமும் கேட்பதுதான். அப்புறம், அதே வங்கியின் நெட் பேங்கிங்கில் வெளிநாட்டுக்கு அனுப்பும் வசதி இருந்தால் அங்கே காட்டும் ரேட்டையும் பாருங்கள். கவுன்டர் ரேட்டும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது, வழியில் யார் கழிப்பார்கள் என்பது. நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் தங்களுக்குள் பயன்படுத்தும் தகவல் வலையமைப்புதான் ஸ்விஃப்ட். வங்கி அதன் வழியாக அனுப்பும்போது பணம் பெரும்பாலும் நேராகப் போவதில்லை. இடையில் ஒரு வங்கி இருக்கும். அதற்கும் கட்டணம் உண்டு. படிவத்தில் இதற்கு மூன்று கட்டங்கள்: `OUR`, `SHA`, `BEN`. `OUR` என்றால் வழிச்செலவு முழுதும் அனுப்புகிறவருடையது. `SHA` என்றால் நம் வங்கியின் கட்டணம் நமக்கு, இடைவங்கியின் கட்டணம் போகிற பணத்திலிருந்தே கழிக்கப்படும். `BEN` என்றால் எல்லாமே பெறுகிறவர் தலையில். நாம் எதையும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் `SHA`-வைத்தான் டிக் செய்வார்கள். 15 யூரோ இடையில் கழிந்தால் மகளுக்கு 1,985 யூரோதான் சேரும். வீட்டு உரிமையாளரிடம் அந்த 15 யூரோவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

நம் வங்கியில் `OUR` வேண்டுமென்றால் கூடுதலாக 1,500 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று வைத்துக்கொள்வோம். `OUR` போட்டாலும், மகளின் ஜெர்மன் வங்கி வெளிநாட்டு வரவுக்கென்று தனியாக ஏதாவது எடுக்கிறதா என்று அவளை ஒருமுறை அங்கே கேட்கச் சொல்லுங்கள். சில வங்கிகள் எடுக்கின்றன.

ஆப்பில் எங்கே பார்க்க வேண்டும்

ஆப்பின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் தெரியும் ரேட்டை நம்பி நிற்காதீர்கள். தொகையைப் போட்டு, நோக்கத்தைத் தேர்ந்தெடுத்து, பணம் செலுத்துவதற்கு முந்தைய கடைசிப் பக்கம் வரை போங்கள். கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் அங்கேதான் முழுதாகத் தெரியும். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், மேலே கடிகாரம் தெரியும்படி.

தொகையைப் போடும்போது இரண்டு பெட்டிகள் இருக்கும்: நீங்கள் அனுப்பும் ரூபாய், அவர் பெறும் யூரோ. பெறும் பெட்டியில் 2,000 என்று போடுங்கள். வங்கியிலும் அப்படியே கேளுங்கள்: "2,000 யூரோ முழுதாகப் போய்ச் சேர என் கணக்கிலிருந்து மொத்தம் எவ்வளவு எடுப்பீர்கள்?" ஒரு இடத்தில் ரூபாயை நிலையாக வைத்து, இன்னொரு இடத்தில் யூரோவை நிலையாக வைத்தால் ஒப்பீடு குழம்பிவிடும்.

நம் கணக்கில் ஆப்பின் ரேட் 100.60, கட்டணம் தொகையில் 0.6 சதவீதம்.

ஆப் என்பதாலேயே பணம் வேறு ஏதோ மாய வழியில் போகிறது என்று நினைக்க வேண்டாம். இந்தியாவிலிருந்து வெளியே பணம் அனுப்ப ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தால்தான் முடியும். பெரும்பாலான ஆப்களுக்குப் பின்னால் ஒரு வங்கி நிற்கிறது. சில ஆப்கள் பணத்தை மொத்தமாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து உள்ளூர்ப் பரிமாற்றமாக மகளின் கணக்கில் போடும். யூரோ நாடுகளில் இந்த உள்ளூர் வழிக்கு செபா என்று பெயர். அப்படிப் போனால் இடைவங்கி கழிக்க வாய்ப்பில்லை. வேறு சில ஆப்களோ பங்காளி வங்கி வழியாக அதே ஸ்விஃப்ட்டில்தான் அனுப்புகின்றன. அப்போது ஆப்பிலும் `OUR`, `SHA` கேள்வி வரும். "பெறுபவருக்கு முழுத் தொகை உறுதியா?" என்று உதவிப் பக்கத்தில் தேடுங்கள், இல்லையென்றால் அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "பொதுவாகக் கழிவதில்லை" என்ற பதிலை உறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஜிஎஸ்டியும் டிசிஎஸ்சும்

கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பது தெரிந்ததே. அது தவிர, ரூபாயை யூரோவாக மாற்றுவதற்கும் தனியாக ஒரு ஜிஎஸ்டி உண்டு, அதை மாற்று ஜிஎஸ்டி என்று வைத்துக்கொள்வோம். அது மாற்றும் முழுத் தொகைக்கும் 18 சதவீதம் அல்ல, பயப்பட வேண்டாம். முதல் ஒரு லட்ச ரூபாய் வரை தொகையின் 1 சதவீதத்தை, குறைந்தது 250 ரூபாயை, சேவையின் மதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை, 1,000 ரூபாயும் ஒரு லட்சத்தைத் தாண்டிய பகுதியில் 0.5 சதவீதமும். அந்த மதிப்புக்குத்தான் 18 சதவீதம். நம் இரண்டு லட்சச் சொச்சத்துக்கு இது 270 ரூபாய் பக்கம் வரும். வங்கியிலும் ஆப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால், தேர்வை இது மாற்றாது. ஆனால் ஒருவர் இதைச் சேர்த்தும் இன்னொருவர் சேர்க்காமலும் மொத்தத்தைச் சொன்னால் நீங்கள்தான் சரிசெய்துகொள்ள வேண்டும்.

டிசிஎஸ் வேறு விஷயம். ஒரு நிதியாண்டில் உங்கள் பான் எண்ணில் வெளிநாட்டுக்கு அனுப்பும் மொத்தம் 10 லட்ச ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு நோக்கத்தைப் பொறுத்து வரி முன்கூட்டியே பிடிக்கப்படும். 2025 ஏப்ரலிலிருந்து இந்த வரம்பு 10 லட்சம், அதற்கு முன் 7 லட்சமாக இருந்தது. வங்கி வழியாக ஆறு லட்சம், ஆப் வழியாக ஐந்து லட்சம் அனுப்பினாலும் கணக்கு ஒன்றுதான். பிடித்த பணம் உங்கள் வரிக் கணக்கில் வரவாகி, ரிட்டர்ன் போடும்போது சரிக்கட்டப்படும் அல்லது திரும்பி வரும். அதனால் அதை அனுப்பும் செலவோடு சேர்த்து ஒப்பிடக் கூடாது. நோக்கத்தை மட்டும் சரியாகப் போடுங்கள். படிக்கும் பிள்ளையின் கட்டணமும் தங்கும் செலவும் கல்விக்கான குறியீட்டில் போக வேண்டும், அது S0305. குடும்பப் பராமரிப்பு என்று S1301 போட்டுவிட்டால், 10 லட்சத்தைத் தாண்டும்போது வரி விகிதமே மாறிவிடும். கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தின் நகலை முதலிலேயே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு

ஒப்பிட ஒரே ஒரு எண் போதும்: மகளின் கணக்கில் சேரும் ஒரு யூரோவுக்கு நம் கணக்கிலிருந்து மொத்தம் எத்தனை ரூபாய் போகிறது?

```
உண்மை விலை = கணக்கிலிருந்து போன மொத்த ரூபாய் ÷ சேர்ந்த யூரோ
```

வங்கி. 2,000 யூரோவை 102.20-ஆல் பெருக்கினால் 2,04,400. சார்ஜ் 1,000, அதற்கு ஜிஎஸ்டி 180. `OUR` கட்டணம் 1,500, அதற்கு ஜிஎஸ்டி 270. மாற்று ஜிஎஸ்டி 274. மொத்தம் 2,07,624 ரூபாய். முழு 2,000 யூரோ சேருகிறது. உண்மை விலை 103.81.

`OUR` வேண்டாம், `SHA` போதும் என்றால் மொத்தம் 2,05,854 ரூபாய்தான். ஆனால் சேர்வது 1,985 யூரோ. வகுத்தால் 103.70. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, தொகைதான் குறைகிறது. நம் நிபந்தனைக்கு இது ஆகாது.

ஆப். 2,000 யூரோவை 100.60-ஆல் பெருக்கினால் 2,01,200. கட்டணம் 0.6 சதவீதம், 1,207. அதற்கு ஜிஎஸ்டி 217. மாற்று ஜிஎஸ்டி 271. மொத்தம் 2,02,895. முழுத் தொகை சேரும் என்று அவர்கள் உறுதி சொல்லியிருக்கிறார்கள். உண்மை விலை 101.45.

வித்தியாசம் 4,729 ரூபாய். கட்டணத்தை மட்டும் பார்த்தவருக்கு ஆப்தான் 207 ரூபாய் அதிகமாகத் தெரிந்தது.

இதை வைத்து ஆப்தான் எப்போதும் மலிவு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அடுத்த மாதம் மகளுக்குப் படிப்புக் கட்டணமாக 8,000 யூரோ அனுப்ப வேண்டும் என்று வைப்போம். இப்போது தொகை பெரிது, வங்கியில் கேட்டுப் பேசி 100.90-க்கு ரேட் வாங்கிவிடுகிறீர்கள். வங்கியின் சார்ஜும் `OUR` கட்டணமும் தொகை எவ்வளவானாலும் அதேதான். ஆப்பின் கட்டணமோ சதவீதம் என்பதால் நாலு மடங்காகிறது. கணக்குப் போட்டால் வங்கியில் மொத்தம் 8,10,966 ரூபாய், ஆப்பில் 8,11,312 ரூபாய். வங்கி கொஞ்சம் முந்திவிட்டது. சிறிய தொகையில் நிலையான கட்டணம் கனக்கும், பெரிய தொகையில் சதவீதமும் மார்ஜினும் கனக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் தொகையைப் போட்டுப் புதிதாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

"கட்டணமே இல்லை" என்று விளம்பரம் செய்யும் ஆப்பையும் இதே வகுத்தலில் போடுங்கள். கட்டணம் பூஜ்ஜியம், ரேட் 102 என்றால் 2,000 யூரோவுக்கு மாற்று ஜிஎஸ்டியோடு மொத்தம் 2,04,274 ரூபாய், உண்மை விலை 102.14. கட்டணம் வாங்கிய ஆப்பைவிட 1,379 ரூபாய் அதிகம்.

எப்போது போய்ச் சேரும்

"ஒன்று முதல் இரண்டு வேலை நாள்" என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த நொடியிலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள் என்று கேட்பதுதான் முக்கியம். பெரும்பாலும் அவர்கள் எண்ணுவது, உங்கள் ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டு, உங்கள் ரூபாய் அவர்கள் கைக்கு வந்த பிறகு. அதற்கு முன் ஆகும் நேரம் உங்கள் கணக்கு.

ஆப்பில் முதல்முறை என்றால் பான், ஆதார் அல்லது பாஸ்போர்ட் சரிபார்ப்பு, மகளின் சேர்க்கைக் கடிதம், நீங்கள்தான் பெற்றோர் என்பதற்கான சான்று என்று கேட்பார்கள். ஏதாவது ஒன்றில் பெயர் எழுத்து மாறியிருந்தாலே ஒரு நாள் போய்விடும். நம் ஊரில் இது சகஜம்: பானில் தந்தை பெயர் விரிவாக, பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில், வங்கியில் இனிஷியல் மட்டும். அவசரம் வருவதற்கு முன்பே, அனுப்ப ஒன்றும் இல்லாத நாளில், ஆப்பில் பதிவை முடித்து வைத்துவிடுங்கள். வங்கியில் நீங்கள் ஏற்கெனவே வாடிக்கையாளர், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவத்தைக் கொடுத்தால் வேலை தொடங்கும். அந்த ஒரு விஷயத்தில் வங்கி முந்துகிறது.

பிறகு கட்-ஆஃப் நேரம். வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு வங்கிகள் மதியத்துக்குள் ஒரு நேரத்தை வைத்திருக்கும். அதைத் தாண்டிக் கொடுத்த படிவம் மறுநாள்தான் நகரும். அதைவிட முக்கியம், மறுநாள் ரேட்டில் நகரும். நீங்கள் இன்று எழுதிக்கொண்ட 102.20 வெறும் நினைவாகிவிடும். "நான் படிவம் கொடுக்கும்போது உள்ள ரேட்டா, நீங்கள் அனுப்பும்போது உள்ள ரேட்டா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆப்களில் ரேட்டைச் சில மணி நேரத்துக்குப் பிடித்து வைப்பார்கள், அதற்குள் உங்கள் ரூபாய் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். தொகை இரண்டு லட்சத்துக்கு மேல் என்றால் நெட் பேங்கிங்கில் புதிய பெறுநரைச் சேர்த்ததும் எவ்வளவு அனுப்பலாம் என்ற வரம்பு குறுக்கே வரலாம். ஒரு நாள் முன்பே பெறுநரைச் சேர்த்து வையுங்கள். பணம் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும், மைத்துனர் கணக்கிலிருந்து போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

விடுமுறையை இரண்டு பக்கமும் பாருங்கள். இங்கே இரண்டாவது, நான்காவது சனி வங்கிக்கு விடுமுறை, மற்ற சனிகளிலும் செலாவணிச் சந்தை நடக்காது. பொங்கலை ஒட்டி திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் என்று தமிழ்நாட்டில் கிளைகள் மூடியிருக்கும், மும்பையில் சந்தை திறந்திருந்தாலும் உங்கள் படிவம் மேசையில்தான் கிடக்கும். அந்த நாட்களில் மும்பையிலிருந்து இயங்கும் ஆப் வேலை செய்யலாம். அந்தப் பக்கம், புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே 1, டிசம்பர் 25, 26 ஆகிய நாட்களில் யூரோ வங்கிகளுக்கு இடையிலான பரிமாற்றம் நிற்கும்.

நம் அப்பாவின் கணக்கில், ஆப்பில் சரிபார்ப்புக்கு ஒரு நாள், பணம் போய்ச் சேர இரண்டு நாள். திங்கள் தொடங்கினால் வியாழன் சேரும். வெள்ளிதான் கெடு என்பதால் ஒரு நாள் இடைவெளி இருக்கிறது, 4,729 ரூபாயை மிச்சப்படுத்தலாம். இதே விசாரணையை அவர் புதன்கிழமை தொடங்கியிருந்தால் நான் வங்கியைத்தான் சொல்வேன். வீடு கைநழுவிப் போவதைவிட ஐந்தாயிரம் ரூபாய் பெரிதல்ல.

இவர்களிடம் போகாதீர்கள்

"நடுவிலையைவிடக் குறைவாகவே தருகிறேன், நீங்கள் இங்கே ரூபாய் கொடுங்கள், என் ஆள் அங்கே யூரோ போடுவான்" என்று வாட்ஸ்அப்பில் வரும் ஆட்கள் இருக்கிறார்கள். நடுவிலைக்குக் கீழே யூரோ விற்று யாரும் பிழைக்க முடியாது. அடையாளம் எளிது: பான் கேட்க மாட்டார்கள், ஏ2 படிவம் கேட்க மாட்டார்கள், பணத்தை ஒரு தனிமனிதர் பெயரில் உள்ள கணக்குக்கு யுபிஐயில் போடச் சொல்வார்கள். இது அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு எதிரானது. அங்கே யாரோ முகம் தெரியாதவரிடமிருந்து மகளின் கணக்கில் பணம் விழுந்தால், அவளுடைய வங்கி கணக்கையே முடக்கி விசாரிக்கலாம். புதிய ஆப் எதுவானாலும் அதன் பங்காளி வங்கி எது என்று பார்த்து, ரிசர்வ் வங்கித் தளத்தில் இருக்கும் அங்கீகரிக்கப்பட்ட டீலர்கள் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

அனுப்பிய பிறகு

பணம் பிடித்ததும் வரும் ரசீதில் முதலில் ரேட்டைப் பாருங்கள். சொன்ன 102.20-க்குப் பதில் 102.65 என்று இருந்தால் அன்றே கேளுங்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் "அன்றைய ரேட் அதுதான்" என்பார்கள். அன்று நீங்கள் குறித்த நேரமும் நடுவிலையும் ஸ்கிரீன்ஷாட்டும் இதற்குத்தான்.

ஸ்விஃப்ட்டில் போனது என்றால் "ஸ்விஃப்ட் காப்பி கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். அதில் கட்டணம் யாருடையது என்ற இடத்தில் `OUR` இருக்கிறதா என்று பாருங்கள். `UETR` என்ற 36 எழுத்து நீளமுள்ள அடையாளமும் அதில் இருக்கும். பணம் எந்த வங்கியில் நிற்கிறது, வழியில் எவ்வளவு கழிந்தது என்பதை அந்த எண்ணை வைத்து வங்கி கண்டுபிடிக்க முடியும். மகளும் தன் வங்கியில் அதே எண்ணைக் கொடுத்துக் கேட்கலாம்.

`OUR` போட்டும் 1,985 யூரோதான் சேர்ந்தது என்றால், மகளின் கணக்குப் பட்டியலில் அந்த வரவு வரியை அனுப்பச் சொல்லி, ஸ்விஃப்ட் காப்பியோடு சேர்த்து வங்கிக்கு மின்னஞ்சலில் புகார் கொடுங்கள். கவுன்டரில் வாய்மொழியாகச் சொன்னதற்கு எந்தத் தேதியும் இல்லை. 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, `cms.rbi.org.in` என்ற தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் நீங்களே பதிவு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே முதலில் கேட்பது, நீங்கள் வங்கிக்கு எழுதிய புகாரின் நகலும் தேதியும்தான்.